எட்டு நீதிபதிகள் எழுதிய ஒரு வாக்கியம்: அது ரேஷியோவா, ஒபிட்டரா?

நிலா_எல்எல்பி

வணக்கம். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரேஷியோ என்றால் தீர்ப்பைத் தாங்கும் காரணம், அது பிற்கால நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும்; ஒபிட்டர் என்றால் போகிற போக்கில் சொன்ன கருத்து, அது கட்டுப்படுத்தாது. இதை எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தரங்க உரிமை வழக்குகளை வரிசையாகப் படித்தபோது எனக்குப் புரிந்தது எல்லாம் கலைந்துவிட்டது.

1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள். நம் அரசமைப்பில் அந்தரங்கத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. அது ஒபிட்டர்தான் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். ஒபிட்டர் கட்டுப்படுத்தாது என்றால், அதைத் தள்ளிவைக்க 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் எதற்காக உட்கார வேண்டும்? அது ரேஷியோ என்றால், நடுவில் வந்த இரண்டு நீதிபதி, மூன்று நீதிபதி அமர்வுகள் அந்தரங்க உரிமை உண்டு என்று எப்படி எழுதின? இரண்டில் ஏதோ ஒன்று தவறாக இருக்க வேண்டும் அல்லவா?

பெஞ்ச்கணக்கு

இதில் குழம்ப ஒன்றும் இல்லை தங்கச்சி. நம் நாட்டில் எண்ணிக்கைதான் கணக்கு. எட்டுப் பேர் சொன்னதை மூன்று பேர் மாற்ற முடியாது, ஒன்பது பேர் மாற்றலாம். பெரிய பெஞ்ச் சொன்னால் சின்ன பெஞ்ச் கேட்க வேண்டும். ரேஷியோ, ஒபிட்டர் என்று பிரிப்பதெல்லாம் தேர்வுத்தாளுக்கு. பதினெட்டு வருடமாகக் கீழமை நீதிமன்றத்தில் நிற்கிறேன், உச்ச நீதிமன்றத்தின் வரியைக் காட்டினால் அது ஒபிட்டர் என்று ஒதுக்கிய நீதிபதியை நான் பார்த்ததே இல்லை.

பழையகோட்டு

பெஞ்ச்கணக்கு சொல்வதில் பாதி சரி. சிறிய அமர்வு பெரிய அமர்வை மீற முடியாது, ஐயத்தைப் பதிவு செய்து தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். 2004இல் தாவூதி போரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பார்ப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, அந்த எட்டுப் பேர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று பார்ப்பது. வேறு கேள்விக்குச் சொன்ன பதிலை எட்டுப் பேர் சொன்னால் என்ன, எண்பது பேர் சொன்னால் என்ன, நம் கேள்விக்கு அது தீர்ப்பு ஆகாது.

நிலா, அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பொறுமையாக உட்காருங்கள். டால்மியா குழுமத்தைச் சேர்ந்த ஒரு விமான நிறுவனத்தின் கணக்கு வழக்குகளில் மோசடி என்று புகார். டெல்லியில் மாஜிஸ்திரேட் சோதனை வாரண்ட் கொடுக்கிறார். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடக்கிறது, ஆவணங்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். நிறுவனத்தார் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து முக்கியமாக வைத்த வாதம் இது: குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் பிரிவு 20(3) சொல்கிறது, வீடு புகுந்து ஆவணத்தை எடுப்பதும் அப்படி ஒரு கட்டாயம்தான்.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சோதனையைச் செய்வது அரசு, ஆவணத்தை எடுப்பது அரசு. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் 'சொல்வது' இல்லை. ஆகவே அது சாட்சி சொல்ல வைப்பது ஆகாது. வழக்கு முடிந்தது இந்த இடத்தில்தான். அதற்கு மேல்தான் நீங்கள் சொல்லும் வாக்கியம் வருகிறது. அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் போல அந்தரங்க உரிமை ஒன்றை நம்மவர்கள் எழுதிவைக்கவில்லை, ஆகவே முற்றிலும் வேறான இன்னொரு உரிமைக்குள் அதை இழுத்து நுழைக்க நியாயம் இல்லை என்று நீதிமன்றம் சொல்கிறது.

இப்போது ஒரு பழைய சோதனையைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியம் ரேஷியோவா என்று ஐயம் வந்தால், அதைத் தலைகீழாக்குங்கள். 'அரசமைப்பில் எங்கோ ஓர் இடத்தில் அந்தரங்க உரிமை உண்டு' என்று நீதிமன்றம் எழுதியிருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 20(3) பற்றிய முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது. சோதனையின்போது அவர் வாயைத் திறக்கவில்லை என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது. ஆக, நம் அரசமைப்பில் எங்குமே அந்தரங்க உரிமை இல்லை என்ற அகலமான பொருளில் படித்தால் அந்த வாக்கியம் ஒபிட்டர். அந்தரங்கத்தை 20(3)க்குள் நுழைக்க முடியாது என்ற குறுகிய பொருளில் படித்தால் அது முடிவுக்குப் போகும் படிகளில் ஒன்று. ஒரே வாக்கியம்தான், எவ்வளவு அகலமாகப் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலா_எல்எல்பி

சார், இது புரிகிறது. அப்படியானால் என் முதல் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒபிட்டர் என்றால் மூன்று நீதிபதிகளே அதைத் தாண்டிப் போயிருக்கலாம். ஒன்பது பேர் எதற்கு?

பழையகோட்டு

இரண்டு காரணம். முதல் காரணம், சர்மா மட்டும் வழியில் நிற்கவில்லை. 1962 டிசம்பரில் வந்த கரக் சிங் வழக்கும் நின்றது. அது ஆறு நீதிபதிகள். உண்மையில் தடை அதுதான், அதை யாரும் ஒபிட்டர் என்று எளிதாகத் தள்ள முடியாது.

கரக் சிங் உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் காவல்துறை அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்துவிட்டது. நள்ளிரவில் கதவைத் தட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவது, எங்கே போகிறார் வருகிறார் என்று குறித்துக்கொள்வது. இதற்கெல்லாம் ஆதாரம் அந்த மாநிலக் காவல்துறையின் ஒழுங்குமுறை 236. அது சட்டமன்றம் இயற்றிய சட்டம் இல்லை, சட்டத்தின் கீழ் வந்த விதியும் இல்லை, துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட வழிகாட்டுதல். அரசும் அதை மறுக்கவில்லை. எனவே கேள்வி சுருங்கிவிட்டது: கண்காணிப்பின் எந்தப் பகுதியாவது ஓர் அடிப்படை உரிமையைத் தொட்டால், பின்னால் சட்டம் இல்லாததால் அந்தப் பகுதி விழும். தொடாவிட்டால் நிற்கும்.

பெரும்பான்மை நான்கு பேர். இரவில் வீட்டுக்குள் வருவதை அனுமதித்த உட்பிரிவு (பி)யை ரத்து செய்தார்கள், அது தனிமனித சுதந்திரத்தை மீறுகிறது என்று. வெளியே நடமாட்டத்தைக் கவனிக்கும் உட்பிரிவுகளை விட்டுவைத்தார்கள். அதற்குச் சொன்ன காரணம், அந்தரங்கம் நம் அரசமைப்பு உறுதி செய்த உரிமை அல்ல என்பது.

தலைகீழ்ச் சோதனையை இங்கே போடுங்கள். அந்தரங்கம் ஓர் உரிமை என்று எழுதியிருந்தால், நடமாட்டக் கண்காணிப்பு அந்த உரிமையைத் தொடும், பின்னால் சட்டம் இல்லை, ஆகவே விழுந்திருக்கும். முடிவு மாறுகிறது. அதனால் அந்தப் பகுதிக்கு அந்த வாக்கியம் ரேஷியோவேதான். ஆனால் (பி) பகுதியில் நீதிமன்றம் செய்தது என்ன? ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை, தூக்கத்தில் தட்டி எழுப்புவது அவன் சுதந்திரத்தில் கைவைப்பது என்கிறது. பெயர் சொல்லாமல் அந்தரங்கத்தையே காப்பாற்றியிருக்கிறது. ஒரே தீர்ப்பின் இரண்டு பாதிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. 2017இல் ஒன்பது பேரும் கை வைத்த இடங்களில் இது முக்கியமானது.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. ஆதார் வழக்கில் 2015இல் அட்டர்னி ஜெனரல் எழுந்து, எட்டுப் பேரும் ஆறு பேரும் அந்தரங்க உரிமை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் வந்த சின்ன அமர்வுகளின் தீர்ப்புகளுக்கு மதிப்பு இல்லை என்று வாதிட்டார். மூன்று நீதிபதிகள் அங்கேயே 'சர்மா ஒபிட்டர்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் அடுத்த நாளே இன்னொரு மூவர் அமர்வு அதை மறுக்கலாம். அதனால் 11 ஆகஸ்ட் 2015 அன்று பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். ஐந்து பேர் பார்த்துவிட்டு, எட்டைத் தாண்ட ஒன்பது வேண்டும் என்றார்கள். ஒபிட்டர் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் அது ஒபிட்டர்தானா என்பதே சண்டையாக இருக்கும்போது, அந்தச் சண்டையை முடிக்கும் அதிகாரம் உள்ள அமர்வு தேவைப்படுகிறது.

அருள்மொழி

நான் வக்கீல் இல்லை, செய்தி படிக்கிற ஆள். ஒரு சந்தேகம். 2017இல் சர்மா தீர்ப்பையே தூக்கிவிட்டார்கள் என்றால், 1954இல் நடந்த சோதனையும் அதற்குப் பிறகு நாட்டில் நடந்த சோதனைகளும் சட்டவிரோதம் ஆகிவிடுமா? அந்த நிறுவனத்துக்கு ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்தார்களா? கரக் சிங் குடும்பத்துக்கு இழப்பீடு ஏதாவது கிடைத்ததா?

வழக்காடி_மீனா

அருள்மொழி, இங்கே இரண்டு செயல்கள் கலந்துவிட்டன. பலரும் கலப்பதுதான். மேல்முறையீட்டில் ஒரு தீர்ப்பை ரத்து செய்தால் அந்த வழக்கின் தரப்பினருக்கு முடிவே மாறும். தோற்றவர் ஜெயிப்பார். ஆனால் இன்னொரு வழக்கில், பல வருடம் கழித்து, பழைய தீர்ப்பு சொன்ன சட்டம் தவறு என்று அறிவிப்பது வேறு. அதைத்தான் ஓவர்ரூல் என்கிறோம். அது பழைய தீர்ப்பின் சட்டக் கருத்தை எடுக்கும், பழைய வழக்கின் முடிவைத் தொடாது. 1954இல் முடிந்தது முடிந்ததுதான். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 47இல் ஒரு விளக்கமே இருக்கிறது: ஒரு தீர்ப்பு எந்தச் சட்டக் கருத்தை நம்பி எழுதப்பட்டதோ, அந்தக் கருத்தைப் பிறகு வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் மாற்றியது என்பது மட்டும் மறுசீராய்வுக்குக் காரணம் ஆகாது.

அப்புறம் சர்மா தீர்ப்பு முழுவதையும் தூக்கவில்லை. இதைக் கவனியுங்கள். அந்தரங்க உரிமையை அரசமைப்பு காக்கவில்லை என்று அது சொல்லும் அளவுக்கு மட்டும்தான் எடுத்தார்கள். சோதனை போடுவது 20(3)ஐ மீறாது என்ற பகுதியைத் தொடவில்லை. கரக் சிங்கிலும் இதே 'அந்த அளவுக்கு' என்ற கத்திதான். (பி)யை ரத்து செய்த பகுதி நிற்கிறது, இன்றைக்கும் எடுத்துக்காட்டலாம். இந்த 'அளவுக்கு' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டு, ஓவர்ரூல் ஆன தீர்ப்பு என்று முழுத் தீர்ப்பையும் தூக்கி எறிபவர்கள் நீதிமன்றத்தில் தினமும் இருக்கிறார்கள்.

செல்வம்_72

எனக்கு உங்கள் சட்ட நுணுக்கம் தெரியாது, ஆனால் கரக் சிங் கதை என் தம்பி கதை மாதிரியே இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு அடிதடி வழக்கு, அதில் விடுதலை. அதற்குப் பிறகு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் நிலையத்தில் அவன் பெயரில் ஹிஸ்டரி ஷீட் இன்னும் ஓடுகிறது. மாதம் இரண்டு முறை ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறார்கள். மாமியார் வீட்டுக்குப் போனால் கூட எங்கே என்று போன். உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். எதிர்த்தரப்பில் கோபிந்த் என்று ஒரு தீர்ப்பைக் காட்டி, கண்காணிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார்கள். நம் வக்கீல், புட்டசாமி வந்த பிறகு கோபிந்த் செத்துவிட்டது என்கிறார். எது சரி?

பழையகோட்டு

செல்வம் ஐயா, உங்கள் வழக்கைத் தாள்களைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் சொல்வது அப்படியே சரியில்லை என்று மட்டும் சொல்லலாம். கோபிந்த் சாகவில்லை. புட்டசாமியின் கடைசி ஆணையில், கரக் சிங்குக்குப் பிறகு வந்து அந்தரங்க உரிமையை ஏற்ற தீர்ப்புகள் சரியான சட்டத்தைச் சொல்கின்றன என்று ஒரு வரி இருக்கிறது. கோபிந்தும் அந்த வரிசையில் வருவதுதான்.

கோபிந்த் 1975, மூன்று நீதிபதிகள், மத்தியப் பிரதேசக் காவல்துறையின் ஒழுங்குமுறைகள் 855, 856. இங்கே ஒரு வேலை நடந்தது, நிலாவும் இதைப் பார்க்க வேண்டும். ஆறு நீதிபதிகளின் கரக் சிங் எதிரே நிற்கிறது. இரவில் வீட்டுக்கு வரும் விதியை அது ரத்து செய்திருக்கிறது. மூன்று பேர் அதை மீற முடியாது. ஆனாலும் அவர்கள் மத்தியப் பிரதேச விதியை ரத்து செய்யாமல் நிறுத்தினார்கள். எப்படி?

உத்தரப் பிரதேச ஒழுங்குமுறைக்குப் பின்னால் சட்டம் இல்லை. மத்தியப் பிரதேச ஒழுங்குமுறை 1861 காவல் சட்டத்தின் பிரிவு 46இன் கீழ் வந்தது, ஆகவே அதற்குச் சட்டத்தின் வலு உண்டு. தனிமனித சுதந்திரத்தைச் சட்டம் வகுத்த நடைமுறைப்படிதான் பறிக்கலாம் என்பது பிரிவு 21. அங்கே சட்டம் இல்லை, இங்கே இருக்கிறது. இதைத்தான் வேறுபடுத்துவது என்கிறோம். பழைய தீர்ப்பு தவறு என்று ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. அதன் காரணம் எந்த உண்மையின் மேல் நின்றதோ, அந்த உண்மை இங்கே இல்லை என்று காட்டினார்கள்.

கவனியுங்கள், மாநிலம் வேறு, மனுதாரர் வேறு, வருடம் வேறு என்று வேறுபடுத்தவில்லை. அவையும் வேறுதான், ஆனால் கரக் சிங்கில் (பி) விழுந்ததற்கு அவற்றில் ஒன்றும் காரணம் இல்லை. சட்டம் இல்லாததுதான் காரணம். வேறுபாடு காரணத்தின் மேல் போய் விழ வேண்டும்.

அதனால் உங்கள் வழக்கில் நான் முதலில் கேட்பது: உங்கள் மாநிலத்தில் அந்தக் கண்காணிப்பு எந்த ஏட்டின் கீழ் நடக்கிறது? அது ஒரு சட்டத்தின் கீழ் முறையாக வந்த விதியா, துறையின் நிலையாணை மட்டுமா? நிலையாணை மட்டும் என்றால் நீங்கள் கோபிந்தில் இல்லை, கரக் சிங்கின் (பி) பக்கம் நிற்கிறீர்கள். விதி என்றாலும் கோபிந்தே அதைக் குறுக்கித்தான் படித்தது. வீட்டுக்கு வருவதெல்லாம் சமூகத்தின் பாதுகாப்புக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கும் தெளிவான ஆட்களுக்கு மட்டும், எல்லாப் பழைய குற்றவாளிக்கும் கிடையாது என்கிறது. பதினோரு வருடமாக வழக்கே இல்லாத ஒருவரை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்த்தார்கள் என்று எதிர்த்தரப்பிடம் கேட்க, அவர்கள் காட்டும் தீர்ப்பே உங்களுக்கு இடம் தருகிறது.

பெஞ்ச்கணக்கு

சரி, இப்போது என் முறை. கோட்டு சார், உங்கள் தலைகீழ்ச் சோதனையை கோபிந்துக்கே போடுங்கள். அந்தரங்கம் உரிமைதான் என்று வைத்துக்கொண்டாலும் அது முழுமையானது அல்ல என்று சொல்லி விதியை நிறுத்தினார்கள். அந்தரங்கம் உரிமையே இல்லை என்று எழுதியிருந்தாலும் விதி நின்றிருக்கும். முடிவு மாறவில்லை. அப்படியானால் கோபிந்தில் அந்தரங்க உரிமை பற்றிச் சொன்னதெல்லாம் ஒபிட்டர். அதைப் பிடித்துக்கொண்டுதானே 1994இல் ஆட்டோ சங்கர் வரலாற்றை நக்கீரன் வெளியிடும் வழக்கில் இரண்டு நீதிபதிகள் அந்தரங்கம் பிரிவு 21க்குள் இருக்கிறது என்றார்கள்? ஒரு ஒபிட்டரின் மேல் இருபது வருடம் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அட்டர்னி ஜெனரல் 2015இல் கேட்டது நியாயமான கேள்விதான்.

பழையகோட்டு

நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். கோபிந்தில் நீதிமன்றம் 'அப்படியே வைத்துக்கொண்டாலும்' என்ற நடையில்தான் எழுதியது. கறாராகப் பார்த்தால் அந்தப் பகுதி முடிவுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் விதியைக் குறுக்கிப் படித்தார்களே, அதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? எந்த உரிமையையும் தொடாத விதியைக் குறுக்க வேண்டிய அவசியம் என்ன? குறுக்கியதையும் முடிவின் பகுதியாக எடுத்தால் அந்தரங்கம் தேவைப்படுகிறது. முடிவு என்று எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரேஷியோ மாறுகிறது.

கரக் சிங்கின் அடித்தளம் நடுவிலேயே கரைந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிப்படை உரிமையும் தனித்தனிப் பெட்டி என்ற கோபாலன் வழக்குக் காலத்துப் பார்வையின் மேல்தான் அந்தப் பெரும்பான்மை நின்றது. 1970இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் பதினோரு நீதிபதிகளும், 1978இல் மேனகா காந்தி வழக்கில் ஏழு பேரும் அந்தப் பார்வையை எடுத்துவிட்டார்கள். கரக் சிங்கின் பெயரை யாரும் ஓவர்ரூல் என்று அப்போது எழுதவில்லை. ஆனால் அது நின்ற தரை போய்விட்டது. பெயர் சொல்லாமலே ஒரு தீர்ப்பு வலுவிழக்கும் வழி இது. கீழ் நீதிமன்றம் இதை வைத்து அதை ஒதுக்க முடியுமா என்றால், நான் துணிய மாட்டேன்.

வழக்காடி_மீனா

தலைகீழ்ச் சோதனையை நம்பி மட்டும் போகாதீர்கள் என்று நிலாவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மனுவை நீதிமன்றம் இரண்டு காரணத்துக்காகத் தள்ளுகிறது என்று வையுங்கள்: காலம் கடந்துவிட்டது, மனுதாரருக்கு வழக்குப் போடும் தகுதியும் இல்லை. முதல் காரணத்தைத் தலைகீழாக்கினால் இரண்டாவது தாங்கிக்கொள்ளும். இரண்டாவதை மாற்றினால் முதலாவது தாங்கிக்கொள்ளும். சோதனையின்படி இரண்டுமே ஒபிட்டர். ஒரு தீர்ப்புக்குக் காரணமே இல்லை என்று ஆகிவிடும். நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை, இரண்டையும் ரேஷியோவாகவே எடுக்கின்றன.

என் முதல் வருடத்தில் நடந்தது ஒன்று. ஒரு வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கில் சட்ட இதழின் ஹெட்நோட்டில் இருந்த ஒரு வரியைப் படித்தேன், அருமையாக எங்களுக்குச் சாதகம். நீதிபதி தீர்ப்பை வாங்கி நிதானமாகப் புரட்டிவிட்டு, இந்த வரி எந்தப் பத்தியில் இருக்கிறதம்மா என்றார். தேடினேன். அது இருந்தது, ஆனால் மனுதாரரின் வக்கீல் வைத்த வாதத்தைச் சுருக்கிச் சொல்லும் பத்தியில். இரண்டு பக்கம் தள்ளி நீதிமன்றம் அதை நிராகரித்திருந்தது. அன்று சீனியர் என்னைத் திட்டவில்லை. ஒரு பென்சிலைக் கொடுத்து, இனிமேல் எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் 'எங்கள் முன் உள்ள கேள்வி' என்று நீதிமன்றம் எழுதிய இடத்தையும், கடைசி ஆணையையும் முதலில் கோடு போடு, நடுவில் இருப்பதை அப்புறம் படி என்றார். இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன். ரேஷியோ பெரும்பாலும் அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே நேர் வழியில்தான் இருக்கும்.

நிலா_எல்எல்பி

நன்றி மேடம், இன்றே கோடு போட்டேன். புட்டசாமியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்பது பேர் முன் இருந்த கேள்வி அந்தரங்க உரிமை பற்றியது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பையும் அதில் ஓவர்ரூல் செய்கிறார்கள். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்ற 1976 தீர்ப்பு அது. மீனா மேடத்தின் கோட்டில் அது வரவில்லையே. இது ஒபிட்டரா?

வழக்காடி_மீனா

என் கருத்து, ஒபிட்டர் இல்லை. ஜபல்பூர் தீர்ப்பு உயிரும் சுதந்திரமும் அரசமைப்பு தந்த கொடை, அது நிறுத்திவைத்தால் போய்விடும் என்ற பார்வையில் நின்றது. அந்தரங்கம் மனிதனோடு பிறந்தது, அரசமைப்பு அதை அங்கீகரிக்கிறது என்று சொல்லும் தீர்ப்பு அந்தப் பார்வையை உடைக்காமல் நகர முடியாது. அது படியில் ஒரு கல்தான்.

பெஞ்ச்கணக்கு

எனக்கு ஒப்புதல் இல்லை மேடம். ஜபல்பூரைத் தொடாமலே அந்தரங்கம் பிரிவு 21க்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கலாம். கடைசி ஆணையிலும் ஜபல்பூர் இல்லை, சர்மாவும் கரக் சிங்கும்தான் இருக்கின்றன. அது தவறான தீர்ப்பு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் சீனியரின் கோட்டை எடுத்துப் பார்த்தால் அது வெளியே விழுகிறது.

பழையகோட்டு

இதில் நான் மீனா பக்கம் சாய்கிறேன், முழுதாக இல்லை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு இடத்தை ஒப்பிடுங்கள். ஒரே பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த பிரிவு 377ஐ உறுதி செய்த 2013 கௌஷல் தீர்ப்பு, இரண்டு நீதிபதிகள். நால்வர் சார்பில் எழுதிய நீதிபதி சந்திரசூட் அதன் காரணங்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்று விரிவாக எழுதுகிறார். ஆனால் விஷயம் வேறொரு அமர்வின் முன் நிலுவையில் இருக்கிறது, செல்லுமா என்பதை அங்கே முடிவு செய்யட்டும் என்று நிறுத்திக்கொள்கிறார். தன் கருத்து எதுவரை போகிறது என்று தானே எல்லை போட்ட ஒபிட்டர் அது. 24 ஆகஸ்ட் 2017 முதல் 6 செப்டம்பர் 2018 வரை, ஓராண்டுக்கு மேல், உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வே குறை சொன்ன ஒரு தீர்ப்பு முறைப்படி உயிரோடு இருந்தது. பிறகு நவ்தேஜ் ஜோஹர் வழக்கில் ஐந்து பேர் அதை ஓவர்ரூல் செய்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு மாஜிஸ்திரேட் முன் பிரிவு 377 வழக்கு வந்திருந்தால் அவர் எதைப் பின்பற்ற வேண்டும்? என்னைக் கேட்டால் கௌஷலைத்தான், மனம் ஒப்பாவிட்டாலும்.

நிலா_எல்எல்பி

சார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது பேர் அமர்விலேயே ஒரு காரணத்தைத் தவறு என்று எழுதிய பிறகு, அந்தக் காரணத்தை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா? புட்டசாமியின் ரேஷியோ அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பது. அதை நேராகப் பிடித்தே ஓர் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்திவைத்திருக்க முடியாதா? ஒபிட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லையே.

பழையகோட்டு

உயர் நீதிமன்றம் விசாரணையை நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம், அது முடியும். மாஜிஸ்திரேட்டுக்கு அந்தக் கதவு இல்லை. உங்கள் வாதத்தை வழக்காக எழுதிப் பாருங்கள், கல்லூரி மாதிரி நீதிமன்றத்துக்கு நல்ல பொருள். நான் எதிர்த்தரப்பில் நிற்கத் தயார்.

செல்வம்_72

வக்கீலிடம் கோட்டு ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். எதிர்மனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அதில் நிலையாணை எண் மட்டும்தான் இருக்கிறது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று ஒரு வரி கூட இல்லை. அடுத்த வாய்தாவுக்குள் அந்த நிலையாணை அரசிதழில் வந்ததா, எந்த அதிகாரத்தின் கீழ் வந்தது என்று கேட்டுக் கூடுதல் மனுப் போடுகிறோம். கோபிந்த் தீர்ப்பின் முழு நகலையும் எடுத்துவிட்டார். குறுக்கிப் படித்த அந்தப் பத்தியில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.